ஒரு ராத்திரி பொறுத்து ஏற்றுங்கள்: நம் மன்றத்து நிர்வாகிகளுக்கும் வீடியோ குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மன்றத் தலைவர் ஐயாவுக்கும், செயலாளருக்கும், வீடியோ குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

போன மாதக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிரதோஷம் முடிந்த அன்றே ராத்திரி பத்து மணிக்குள் யூடியூபில் வீடியோ ஏறிவிட வேண்டும், நான் வைத்திருந்த சரிபார்ப்புத் தாள் இனி வேண்டாம், தவறு ஏதாவது இருந்தால் பார்க்கிறவர்கள் கமெண்டில் சொல்வார்கள், அப்புறம் திருத்திக்கொள்ளலாம். இதுதான் முடிவு. அன்றைக்கு நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேச வேண்டாமென்று இருந்துவிட்டேன், அதற்குள் டீ வந்தது, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒரு மாதமாக மனதில் கிடந்து உறுத்துகிறது, அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

நான் யாரென்று புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. குடியாத்தத்தில் ஒரு அச்சகத்தில் 27 வருஷம் புரூப் பார்த்தவள். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கும்பாபிஷேக அழைப்பிதழ் என்று ஆயிரக்கணக்கில் என் கண் வழியாகப் போயிருக்கின்றன. என் கண்ணுக்குத் தப்பியவையும் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அச்சில் ஒரு வசதி இருந்தது. தப்பு தெரிந்தால் கட்டைப் பிரிக்காமல் அப்படியே நிறுத்திவிடலாம், நஷ்டம் முதலாளியோடு போகும். வீடியோவில் அந்தக் கட்டு என்பதே கிடையாது. ஏற்றின பத்தாவது நிமிஷம் அது நம் கையில் இல்லை.

நடந்த ஒரு விஷயத்தை வைத்தே பேசுவோம். திருவல்லம் பதிகத்துக்கு நாம் போட்ட மூன்று நிமிஷ வீடியோ. பொன்னையாற்றங்கரைக் கோயில், நம் ஊர்ப் பக்கத்துப் பாடல் பெற்ற தலம், நம் ஓதுவார் ஐயா பாடியது, இதைவிட நமக்கு வேறென்ன வேண்டும் என்று நானும் சந்தோஷமாகத்தான் போனைத் திறந்தேன். ஐயா பாடிய பாட்டு இது:

எரித்தவன் முப்புரம் எரியில் மூழ்கத்
தரித்தவன் கங்கையைத் தாழ்சடைமேல்
விரித்தவன் வேதங்கள் வேறுவேறு
தெரித்தவன் உறைவிடம் திருவல்லமே

திரையில் ஓடிய எழுத்தில் இருந்தது வேறு. முப்புரம் "முப்புறம்" ஆகியிருந்தது. தரித்தவன் "தறித்தவன்" ஆகியிருந்தது. தெரித்தவன் "தெறித்தவன்", உறைவிடம் "உரைவிடம்". நாலே வரியில் நாலு இடம். ர, ற தானே, படிக்கிறவனுக்குப் புரியாதா என்று செயலாளர் அன்றைக்குக் கேட்டார். ஐயா, புரிகிறதுதான் பிரச்சினை. முப்புரம் என்றால் மூன்று கோட்டை, முப்புறம் என்றால் மூன்று பக்கம். தரித்தல் என்றால் அணிதல், தறித்தல் என்றால் வெட்டுதல். கங்கையைச் சடையில் அணிந்தவரைக் கங்கையை வெட்டிப்போட்டவராக ஆக்கிவிட்டோம். வேதங்களை வேறுவேறாகத் தெரியச் செய்தவர் தெறித்துப் போய்விட்டார். அவர் குடியிருக்கும் இடம் என்ன ஆனது என்று சொல்லவே வாய் கூசுகிறது, "உரைவிடம்" என்பதைப் பிரித்துப் படித்தால் பேச்சு விஷம் என்று வருகிறது. இன்னொன்று கவனித்தீர்களா, முதல் வரி முடிவில் "மூழ்கத்" என்று ஒரு த் நிற்கிறது. அடுத்த வரித் தொடக்கத்துத் தரித்தவனோடு சேர்வதற்காக வந்த ஒற்று அது. அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து நம் பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள். பிழையை விட்டுவிட்டார்கள், பிழையில்லாததைத் திருத்தியிருக்கிறார்கள்.

தட்டச்சு செய்த தம்பியைக் குறை சொல்லவில்லை. அவன் இரவு எட்டரைக்கு வேலையிலிருந்து வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்து செய்தவன். ஏன் இப்படி வந்தது என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போனில் அவன் `tharithavan` என்று ஆங்கில எழுத்தில் அடிக்கிறான், கீபோர்டு மேலே இரண்டு மூன்று தமிழ்ச் சொல் காட்டுகிறது, அவன் முதலாவதைத் தொடுகிறான். ஆங்கில எழுத்தில் ர-வுக்கும் ற-வுக்கும் ஒரே `r` தான். ந, ன, ண மூன்றும் `n`-க்குள் அடங்கிவிடும். பேச்சுத் தமிழுக்கு அந்தக் கீபோர்டின் ஊகம் பெரும்பாலும் சரியாக வரும். தேவாரத்துச் சொல் அதற்கு எங்கே தெரியும்? ஆகவே இது கவனக்குறைவு இல்லை, அந்த முறையே இந்த இடத்தில் காலை வாரிவிடும். பாட்டை அடிக்கவே கூடாது என்பதுதான் என் தாளில் முதலில் எழுதியிருந்தது. நல்ல பதிப்பிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும், ஒட்டிய பிறகு அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடுவது என்றால் கண்ணை ஓட்டிவிட்டு "சரியா இருக்கு" என்பதில்லை. அச்சகத்தில் நாங்கள் செய்தது இப்படி: ஒருவர் மூலத்தை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படிப்பார், மற்றவர் புரூபில் பார்ப்பார். படிக்கிறவர் "தரித்தவன், சின்ன ர" என்று சொல்வார், "உறைவிடம், வல்லின ற" என்பார். ஒற்று இருந்தால் ஒற்று என்று சொல்வார். நாலு வரிப் பாட்டுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. எழுதியவனே சரிபார்த்தால் மனசு தான் நினைத்ததைத்தான் படிக்கும், திரையில் இருப்பதைப் படிக்காது. 27 வருஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

அப்புறம் அந்த எழுத்து வீடியோவில் எப்படிப் போகிறது என்பது இருக்கிறது. நாம் எப்போதும் எடிட்டிங்கிலேயே படத்தின் மேல் எழுத்தைப் பதித்துவிடுகிறோம். பார்க்க அழகாக இருக்கிறது, பொன் நிறம், நிழல் எல்லாம். ஆனால் பதித்த எழுத்தைப் பிறகு தொட முடியாது. யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே லிங்கில் வைத்துக்கொண்டு வேறு வீடியோவாக மாற்ற வழி கிடையாது. அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும், பழைய லிங்க் செத்துவிடும், பார்த்த எண்ணிக்கையும் கமெண்டும் போய்விடும். "கமெண்டில் சொன்னால் திருத்திக்கொள்ளலாம்" என்று முடிவெடுத்தவர்களுக்கு இது தெரியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. திருத்தவே முடியாத இடத்தில் எழுதிவிட்டு எதைத் திருத்துவது?

மாறாக, வசன வரியைத் தனிக் கோப்பாகக் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் ஒரு எழுத்தை மாற்றலாம், வீடியோ அப்படியே இருக்கும். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சாதாரண நோட்பேடில் இப்படி எழுதி, `.srt` என்று முடியும் பெயரில், UTF-8 ஆகச் சேமித்தால் போதும்:

```
1
00:00:04,000 --> 00:00:19,500
எரித்தவன் முப்புரம் எரியில் மூழ்கத்
தரித்தவன் கங்கையைத் தாழ்சடைமேல்

2
00:00:20,000 --> 00:00:37,000
விரித்தவன் வேதங்கள் வேறுவேறு
தெரித்தவன் உறைவிடம் திருவல்லமே
```

ஓதுவார் ஐயா ஒரு அடியை இரண்டு மூன்று தடவை திருப்பிப் பாடுவார், அப்போது அந்த எழுத்து திரையில் நிற்க வேண்டும், அடுத்த அடிக்கு ஓடிவிடக்கூடாது. அடியை அடியாகத்தான் உடைக்க வேண்டும், அகலம் போதவில்லை என்று "தாழ்" ஒரு வரியிலும் "சடைமேல்" அடுத்த வரியிலும் வந்தால் பாடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் மூச்சு இடறும். படத்தில் பதித்தால்தான் வாட்ஸ்அப்பில் போகும்போதும் தெரியும் என்று வீடியோ குழு சொல்வது நியாயம்தான். அப்படியானால் பதியுங்கள், ஆனால் இரண்டு பேர் படித்துப் பார்த்த பிறகு பதியுங்கள். அந்தத் திருவல்லம் வீடியோவை நான் ராத்திரி ஒன்பது நாற்பதுக்குப் பார்த்துச் சொன்னேன், நீங்களும் பத்தரைக்கு அழித்துவிட்டீர்கள். இரண்டு வாரம் கழித்து ஆம்பூரில் இருக்கும் என் நாத்தனார் எனக்கே அதை அனுப்பினாள், "உங்க மன்றம் போட்டது, ரொம்ப நல்லா இருக்கு" என்று. தறித்தவன் அப்படியே இருந்தான்.

சரி, எழுத்தை விடுங்கள். பாட்டின் கடைசியில் "அப்பர் தேவாரம்" என்று போட்டிருந்தீர்கள். இது சம்பந்தர் பாட்டு. முதல் திருமுறை, 113-ஆம் பதிகம், பண் வியாழக்குறிஞ்சி. இதைக் கண்டுபிடிக்கப் புலவர் பட்டம் எதுவும் தேவையில்லை. திருமுறை எண்ணைப் பார்த்தாலே போதும். 1, 2, 3 என்றால் சம்பந்தர். 4, 5, 6 என்றால் அப்பர். 7 சுந்தரர். 8 மாணிக்கவாசகர், 10 திருமூலர். எண் எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், எண் தெரியவில்லை என்றால் நீங்கள் மூலத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அதனால்தான் மேற்கோள் எதுவானாலும் திருமுறை எண், பதிகம், பாட்டு எண் மூன்றும் இல்லாமல் திரைக்குப் போகக்கூடாது என்று கேட்டிருந்தேன். திருமந்திரத்துக்கு மட்டும் ஒரு சிக்கல், பதிப்புக்குப் பதிப்பு பாட்டு எண் முன்னே பின்னே இருக்கும், ஆகவே எந்தப் பதிப்பு என்பதையும் நம் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வருவதை எடுத்துப் போடுவதில் இன்னொரு வகைத் தவறு. "தென்னாடுடைய சிவனே போற்றி" என்பதைத் தேவாரம் என்று போட்டோம், அது திருவாசகம், போற்றித் திருவகவல். "அன்பே சிவம்" என்று திருமூலர் பெயரில் தனியாக ஒரு அட்டை போட்டோம். அவர் சொன்னது "அன்பு சிவம் இரண்டென்பர் அறிவிலார், அன்பே சிவமாவது ஆரும் அறிகிலார்" என்பது. முழுதாகப் படித்தால் அதில் ஒரு வாதம் இருக்கிறது, இரண்டு சொல்லை மட்டும் பிய்த்தெடுத்தால் அது லாரிக்குப் பின்னால் எழுதுகிற வாசகம் ஆகிவிடுகிறது. நம் உரையை, அதாவது நாம் சொல்லும் பொருளை, பாட்டுக்குப் போடும் அதே எழுத்தில், அதே மேற்கோள் குறிக்குள் போடுவதும் வேண்டாம். போன தடவை கார்த்திகை வீடியோவில் ஒரு தங்கை எழுதிய அழகான வாக்கியத்தைப் பலர் திருவாசகம் என்று நினைத்துப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அவளுக்கே தர்மசங்கடம்.

திருவல்லம் வீடியோவில் நந்தி வந்த காட்சியையும் சொல்லிவிடுகிறேன். எங்கிருந்தோ எடுத்த ஒரு பெரிய நந்தி, சுவாமியைப் பார்த்தபடி. திருவல்லத்துக்குப் போன சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் எதிர்த்திசை பார்த்து இருப்பார், அதற்கு ஒரு கதையே உண்டு. காட்பாடியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். நாம் ஒரு நடை போய்ப் படம் எடுக்காமல் கடன் வாங்கின நந்தியைக் காட்டினோம்.

இப்போது இசை. இதில்தான் மன்றத்துக்கு உண்மையில் அடி விழுந்தது, இதைத்தான் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அந்த வீடியோ மறுபடி ஏறின மறுநாள் காப்பிரைட் கிளெய்ம் வந்தது. தேவாரத்துக்கு யார் காப்பிரைட் கேட்கிறது என்று எல்லோருக்கும் கோபம், சிலர் அந்த நிறுவனத்தைத் திட்டி எழுதவும் செய்தார்கள். நான் அந்த அறிவிப்பைத் திறந்து, எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை என்று பார்த்தேன். 1:12-இலிருந்து 1:50 வரை. அந்த இடத்தில் ஐயா பாடவே இல்லை, கோபுரத்தைக் காட்டுகிறோம். பின்னால் தெருமுனை ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாடகர் பாடிய பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, படம் எடுத்த போனில் அது தெளிவாகப் பதிந்துவிட்டது. யூடியூபின் இயந்திரம் அந்தப் பதிவைச் சரியாக அடையாளம் கண்டிருக்கிறது. திட்டு வாங்கிய நிறுவனத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஒரு பாட்டில் எத்தனை பேர் உரிமை இருக்கிறது என்பதை ஒரு தடவை புரிந்துகொண்டால் போதும். சம்பந்தரின் சொல் யாருக்கும் சொந்தமில்லை, அது ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. பண்ணும் அப்படித்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்றைய ஒரு இசையமைப்பாளர் புதிதாக மெட்டு போட்டிருந்தால் அந்த மெட்டு அவருடையது, நம் நாட்டுச் சட்டப்படி அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 வருஷமும். அதைப் பாடிப் பதிவு செய்து வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனியாக 60 வருஷம். ஆகவே நம் ஓதுவார் ஐயா பண்ணோடு பாடி நாமே பதிவு செய்தால் கவலை இல்லை, அதே பதிகத்தை கேசட்டிலிருந்து எடுத்துப் பின்னணியில் ஓட்டினால் கவலை உண்டு. பத்து நொடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு தம்பி சொன்னான். அப்படி ஒரு நொடிக் கணக்கு சட்டத்தில் எங்கும் கிடையாது. "உரிமை உரியவருக்கே" என்று கீழே எழுதினால் போதும் என்று இன்னொருவர். அது அனுமதி ஆகாது.

தலைவர் ஐயா ஒரு நல்ல கேள்வி கேட்டார், கோயிலில் திருவிழாவுக்கு எந்தப் பாட்டு போட்டாலும் யாரும் கேட்பதில்லையே, இதற்கு மட்டும் ஏன் என்று. அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1957 காப்பிரைட் சட்டத்தில் 52(1)(za) பிரிவு, உண்மையான சமயச் சடங்கு நடக்கும்போது பாடுவதற்கும் பாட்டைப் போடுவதற்கும் விலக்கு கொடுக்கிறது. சடங்கு நடக்கும்போது என்பதுதான் அதில் முக்கியம். பிரதோஷம் முடிந்து, வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, பின்னணி இசை சேர்த்து, வருஷக்கணக்கில் இணையத்தில் இருக்கப்போகிற வீடியோவுக்கு அந்த விலக்கை நம்பி உட்கார முடியாது. சட்டம் எப்படி இருந்தாலும் யூடியூபின் இயந்திரம் சடங்கா இல்லையா என்று பார்க்காது, ஒலி பொருந்துகிறதா என்றுதான் பார்க்கும்.

கிளெய்ம் வந்ததும் பயந்து வீடியோவையே அழித்தீர்கள், அதுவும் தேவையில்லாதது. கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் என்றால் பெரும்பாலும் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், சில சமயம் வீடியோ சில இடங்களில் தெரியாது, அவ்வளவுதான். ஸ்ட்ரைக்தான் சேனலுக்கே ஆபத்து, 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடலாம். நம்முடையது வெறும் கிளெய்ம். அந்த 38 நொடியின் ஒலியை மட்டும் யூடியூப் ஸ்டுடியோவிலேயே அடக்கியிருக்கலாம், அல்லது அந்தப் பகுதியை வெட்டியிருக்கலாம். இன்னும் எளிய வழி, வீடியோவை ஏற்றும்போதே `Checks` என்று ஒரு கட்டம் வருகிறதே, அது முடியும் வரை காத்திருந்து பிறகு வெளியிடுவது. நாம் அவசரத்தில் அதைத் தாண்டி அமுக்கிவிட்டோம். சில சமயம் நாமே பாடிய பாட்டுக்கும் கிளெய்ம் வரும், சுருதிப் பெட்டிச் செயலியின் அதே ஒலியை வேறு யாரோ தங்கள் ஆல்பத்தில் வைத்திருப்பார்கள். அப்போது ஆட்சேபம் தெரிவிக்கலாம், எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் இருக்கிறது. அந்த ஆட்சேபத்துக்குக் கையில் வேண்டியது நம் மூலப் பதிவும், ஓதுவார் ஐயா ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட ஒரு தாளும். இரண்டும் நம்மிடம் இல்லை. ஐயாவிடம் இதுவரை யாரும் கேட்டதே இல்லை. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் சத்தம் போடவில்லை, "நான் பாடினது இது இல்லையேம்மா, என் பேரை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

கடைசியாகத் தொனி. இதை எழுதத்தான் எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் ஒரு வரிசை உண்டு. எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதாவதில் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடுவார்கள், பத்தாவதில் சமணரையும் பௌத்தரையும் கடிந்து பேசுவார், கடைசிப் பாட்டில் தன் பெயரைச் சொல்லி முடிப்பார். பதிகம் முழுவதையும் ஓதும்போது அந்தப் பத்தாம் பாட்டும் ஓதப்படும், அது மரபு, அதை விடச் சொல்ல நான் யார். ஆனால் போன ஆடியில் ஒரு பதிகத்தின் பத்தாம் பாட்டை மட்டும் தனியாக வெட்டி, முப்பது நொடி ஷார்ட்ஸாக்கி, மேலே சிவப்பு எழுத்தில் "அப்பவே கொடுத்த பதிலடி" என்று போட்டீர்கள். என்னோடு அச்சகத்தில் எழுத்துக் கோத்த ஒரு அண்ணன், ஆரணிப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ் சமணர். அவருக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "என்னம்மா, எங்களையா சொல்றீங்க?" என்று போனில் கேட்டார். நம் வடாற்காட்டில் வள்ளிமலைக்கு முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் அதே மலையில் சமணச் சிற்பங்களையும் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறோம். போளூர் பக்கத்துத் திருமலையில் நேமிநாதர் நிற்கிறார். நூற்றாண்டுகளாகப் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் அவர்கள். ஏழாம் நூற்றாண்டு வாதத்தை இன்றைய ஆளைப் பார்த்துச் சொல்வது போல மாற்றியது பாட்டு இல்லை, நாம் மேலே ஒட்டிய மூன்று வார்த்தை.

இன்னொன்று. "மந்திரமாவது நீறு" பதிகத்துக்கு வைத்த தலைப்பு: "மருந்தே வேண்டாம், இந்தப் பதிகம் போதும்". இரண்டாம் திருமுறை, 66-ஆம் பதிகம், பாண்டியனின் வெப்புநோய் தீரச் சம்பந்தர் பாடியது என்று பெரியபுராணம் சொல்கிறது. அதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் நாம் இருப்பது வேலூரில். எங்கள் தெருவில் பாதி வீடுகள் வைத்தியத்துக்கு வந்தவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டவை. எதிர்வீட்டு அறையில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மகனைக் கூட்டி வந்திருந்த ஒரு அம்மா அந்த வீடியோவை என்னிடம் காட்டி, "இதை 48 நாள் கேட்டா அந்த ஊசியை நிறுத்திடலாமா?" என்று கேட்டார். என் மன்றத்து வீடியோ என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டரைக் கேளுங்கள், ஊசியை நிறுத்தாதீர்கள், பதிகத்தையும் கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மா கேட்டார், கேட்காமல் நிறுத்தியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நமக்குத் தெரியாது. மந்திரத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்பதும் நிர்வாகிகளுக்கு நினைவில் இருக்கட்டும்.

தலைப்பை அந்த அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து ஒரு தடவை, நயினார் அண்ணன் இடத்தில் உட்கார்ந்து ஒரு தடவை படிக்க வேண்டும், தொனிக்கு நான் வைத்த சோதனை அவ்வளவுதான். "தள்ளிவிட்டால் பாவம்", "பத்து பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி" என்பவை அந்தச் சோதனைக்கே வராமல் குப்பைக்குப் போக வேண்டியவை.

நேரம் இல்லை என்கிறீர்கள். நான் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மூன்று நிமிஷ வீடியோவுக்கு மேற்கோளையும் எண்ணையும் புத்தகத்தில் பார்க்கப் பத்து நிமிஷம், இருவர் சேர்ந்து எழுத்து படிக்க ஐந்து, ஹெட்போன் போட்டு முழு வீடியோவையும் படம் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்க மூன்று (ஒலிபெருக்கிப் பாட்டு அப்போதுதான் காதில் விழும்), தலைப்பையும் விளக்கத்தையும் படிக்க ஐந்து. அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் அந்த அரை மணி, ராத்திரி ஒன்பதரைக்குத் தூங்கி விழுகிற பிள்ளையால் முடியாது. மறுநாள் சாயங்காலம் ஏறினால் எந்தப் பிரதோஷமும் கெட்டுப்போகாது.

ஆகவே நான் கேட்பவை இவை. அன்றே ராத்திரி பத்து மணிக்குள் என்ற கெடுவை அடுத்த கூட்டத்தில் ரத்து செய்யுங்கள், வீடியோவை `Unlisted` ஆக ஏற்றி வைத்து, மறுநாள் மாலை வெளியிடலாம். எடிட் செய்தவர் இல்லாத இன்னொருவர் தாளில் கையெழுத்து போடாமல் எதுவும் வெளியே போகக்கூடாது, அந்த இன்னொருவர் வேண்டாமென்றால் தலைவர் சொன்னாலும் போகக்கூடாது. பன்னிரு திருமுறை அச்சுப் பதிப்பு ஒரு செட் மன்றத்து அலமாரியில் வாங்கி வையுங்கள், விலை அதிகமென்றால் தேவார ஏழு திருமுறையாவது வாங்குங்கள், என் பங்கு ஆயிரம் ரூபாய். ஓதுவார் ஐயாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, அவர் விருப்பப்பட்டால் மட்டும் ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குங்கள், ஒவ்வொரு பதிவின் மூலக் கோப்பையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் தேதி போட்டு வையுங்கள். "பதிலடி" ஷார்ட்ஸை இன்றே எடுத்துவிடுங்கள். "மருந்தே வேண்டாம்" என்ற தலைப்பை இன்றே மாற்றுங்கள், தலைப்பை மாற்ற வீடியோவை அழிக்க வேண்டியதில்லை, ஒரு நிமிஷ வேலை.

எடிட் செய்யும் தம்பிக்கு மட்டும் தனியாக ஒன்று: அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாப்பா, சாப்பிட்டுவிட்டு உட்காருவோம், திருவல்லம் பதிகத்தை நான் படிக்கிறேன், நீ பார்.